தொண்டைக்குள் நிற்கும் சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஓட்டு வீட்டில் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அந்த ஓரத்திலிருந்துதான் மழைநீர் சொட்டும். அந்த ஓரத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் வாயில் வருவதோ ‘தாழ்வாரம்’. அது இல்லை என்றும் தெரிகிறது. கூரைக்குக் கீழே நாம் உட்காரும் இடம்தான் தாழ்வாரம்.

இப்படித் தவறாக வந்து நிற்கும் சொல்லை விரட்டிவிடாதீர்கள். 1966இல் பிரவுன், மக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அரிய சொற்களின் பொருளை மட்டும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். நாக்கு நுனியில் தவித்தவர்களில் பலர் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் சரியாக ஊகித்தார்கள். அவர்களுக்குத் தோன்றிய தவறான சொற்களும் பெரும்பாலும் சரியான சொல்லின் ஒலிச்சாயலில் இருந்தன. ஆகவே ‘தாழ்வாரம்’ என்பதையும் ஒரு தடயமாகக் குறித்து வையுங்கள்.

அடுத்து அகராதி. அகரவரிசை அகராதி, சொல் தெரிந்தவருக்கே உதவும். நம் பழைய நிகண்டுகளின் வழி வேறு. திவாகரம் சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகத் தொகுத்துத் தருகிறது. பொருளை அறிந்தவர் அங்கே நுழைந்து பெயரோடு வெளியே வரலாம். ஆனால் வீட்டின் உறுப்பை ‘இடம்’ என்ற தொகுதியில் தேடுவதா, ‘செயற்கை வடிவம்’ என்ற தொகுதியில் தேடுவதா என்ற குழப்பம் வரும். இரண்டையும் பார்த்துவிடுவதே நல்லது.

இன்று இன்னும் எளிய வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடலாம். அதில் தலைச்சொல்லை மட்டுமல்ல, விளக்கத்தில் உள்ள சொற்களையும் தேட முடியும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘மழைத்தண்ணி சொட்டுற இடம்’ என்று நாம் பேசுகிற மாதிரியே தட்டினால் எதுவும் கிடைக்காது. அகராதிக்காரர் அந்த விளக்கத்தை எந்தச் சொல்லில் எழுதியிருப்பார் என்று யோசிக்க வேண்டும். லெக்சிகன் ஆங்கிலத்திலும் பொருள் தருவதால், கூரையோரத்துக்கான ஆங்கிலச் சொல்லான eaves என்பதைக் கொடுத்துப் பாருங்கள். நீளமான விளக்கத்தைவிட ஒற்றைப் பெயர்ச்சொல்லே நன்றாக வேலை செய்யும்.

இறப்பு, இறவாணம், இறவாரம் எனப் பல சொற்கள் வந்து நிற்கும். இவற்றில் எது நம்முடையது? முதலில் குறித்து வைத்த தடயம் இங்கே கைகொடுக்கிறது. தாழ்வாரத்தின் ‘வாரம்’ இறவாரத்தில்தான் இருக்கிறது. நாம் தேடியது அதுதான் என்று மனமும் உடனே ஒப்புக்கொள்ளும். அந்தத் தெளிவு வராவிட்டால் தேடலை நிறுத்தக் கூடாது.

கிடைத்த சொல்லை எழுத்தில் ஆளும் முன், அதையே தலைச்சொல்லாக எடுத்து மறுபடி பாருங்கள். கூரையோரத்துக்கு ‘இறப்பு’ என்பதும் சரியான சொல்தான். ஆனால் ‘இறப்பில் குருவி கூடு கட்டியது’ என்று எழுதினால் இன்றைய வாசகர் திகைத்துப்போவார். ‘இறவாரத்தில்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.