ஒரு படமா, பல படமா, காணொளியா? – ஒரு கிணற்றை வைத்துச் சில கணக்குகள்

சென்ற மாரிக்குப் பிறகு எங்கள் ஊடகக் குழு மாணவிகள் சிலர், வெள்ளம் புகுந்த கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒன்பது பக்கங்களில் ஒரு பதிவு தயாரித்தோம். இன்ஸ்டகிராமிலும் முகநூலிலும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அந்த அடுக்குப் பதிவைத்தான் கரோசல் என்கிறார்கள். நிறம், எழுத்து, படம் எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. மூன்றாம் நாள் என் உம்மாவின் கைத்தொலைபேசிக்கு உறவினர் ஒருவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் பதிவின் ஆறாம் பக்கம் மட்டும்! அதில் குளோரின் தூளின் அளவு இருந்தது. எந்தக் கிணற்றுக்கு அந்த அளவு என்பது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் வரவில்லை.

"இது எங்கட கிணத்துக்கும் சரிதானே?" என்று உம்மா கேட்டார். சரியில்லை. ஏன் சரியில்லை என்று விளக்கப் போனபோதுதான், எதை எந்த வடிவில் சொல்வது என்ற கேள்வி அழகு பற்றிய கேள்வியே அல்ல என்பது எனக்கு விளங்கியது.

கணக்கைப் பாருங்கள். வட்டக் கிணற்றில் உள்ள தண்ணீரை அளக்க, ஆரையை ஆரையால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். குறுக்களவு 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 14,100 லீற்றர். பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் அதே 2 மீற்றர் தண்ணீர்தான், ஆனால் குறுக்களவு 2 மீற்றர் என்றால் 6,280 லீற்றர் மட்டுமே. வெளியில் நின்று பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே கிணறு போலத்தான் இருக்கும். முதற் கிணற்றின் அளவை இரண்டாவதில் போட்டால் இரு மடங்குக்கும் அதிகம். இரண்டாவதின் அளவை முதலாவதில் போட்டால் பாதி கூட இல்லை. கிருமி சாகாது, ஆனால் சுத்தம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டார் குடிப்பார்கள். இரண்டாவது தவறுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

ஆகவே நிபந்தனையோடு கூடிய ஓர் எண்ணைத் தனியாகப் பிரியக்கூடிய பக்கத்தில் வைக்கவே கூடாது. கரோசலை முழுதாக வட்ஸ்அப்புக்கு அனுப்பினால் இணைப்பு மட்டுமே போகும். அதைத் திறந்து பார்க்கப் பலர் சோம்பல்படுவார்கள். தமக்குத் தேவையான பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவார்கள். நம் ஊரில் செய்தி உண்மையில் பயணம் செய்வது இப்படித்தான். இன்ஸ்டகிராமே சில வேளைகளில் இதற்குத் துணை போகிறது: முதற் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு, அதே பதிவை மறுபடி இரண்டாம் பக்கத்திலிருந்து காட்டும். முதற் பக்கத்தில் "கவனம்" என்று எழுதிவிட்டோம் என்ற தைரியம் அங்கே உதவாது.

அப்படியானால் கரோசல் எதற்கு? ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைக்கு. அதிலும், செய்பவர் நடுவில் நின்று, திரும்பிப் போய்ப் பார்த்து, மறுபடி தொடர வேண்டிய வேலைக்கு. கிணறு சுத்தம் செய்வது அப்படிப்பட்டது. கையில் வாளியோடு நிற்பவருக்குக் காணொளியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடைத்தால் எழுத்து எறும்பு அளவாகிவிடும். எனவே வடிவத்தை நாங்கள் பிழையாகத் தெரியவில்லை. பக்கங்களைப் பிரித்த விதத்தில்தான் பிழை.

மறுபடி செய்தபோது ஒன்பது பக்கம் ஆறானது. 2024 முதல் இன்ஸ்டகிராமில் 20 பக்கம் வரை போடலாம், அதற்கு முன் 10தான். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பத் தேவையில்லை. முதற் பக்கம் தலைப்பு அல்ல, ஒரு தடை: "சுற்றிலும் வெள்ளம் வடியும்வரை கிணற்றை இறைக்காதீர்கள்." சுற்றியுள்ள மண் நீரில் ஊறியிருக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால், உள்ளே எதிர்த்துத் தாங்க நீர் இல்லாமல் சுவர் இடிந்து விழக்கூடும். அந்தக் காரணமும் அதே பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் பக்கம்: நீர் இறைக்கும் இயந்திரம் வெளியே, குழாய் மட்டுமே உள்ளே. பெற்றோலில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு அங்கேயே தேங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். மூன்றாவது, குப்பை அகற்றி, நீர் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவுதல். நான்காவதில் மேலே சொன்ன கணக்கும், அவரவர் கிணற்றின் அளவை எழுத வெற்றிடமும். ஐந்தாவதில் குளோரின் பற்றி எந்த எண்ணும் கிடையாது. "நான்காம் பக்கத்தில் எழுதிய லீற்றர் கணக்கைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி, அளவைக் கேட்டுப் போடுங்கள்" என்பது மட்டும். ஆறாவது, அவர் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம்; டீசல் அல்லது வயலுக்கு அடிக்கும் மருந்தின் மணம் வந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், எண்ணெயும் நஞ்சும் போகா.

இந்த ஆறில் எதைப் பிய்த்து அனுப்பினாலும் ஆபத்து இல்லை. எங்கள் சோதனை எளிது: ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக ஆறு பேருக்கு அனுப்பி, "இதை மட்டும் பார்த்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். யாராவது தவறாகச் செய்யக்கூடிய பதிலைச் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திருத்தினோம். எந்தப் பக்கமும் தனித்து நிற்க முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று பின்னியிருந்தால், அந்த விடயம் கரோசலுக்கு உரியதல்ல. பரிசோதகர் வீட்டுக்கு வந்து நேரில் சொல்ல வேண்டியது.

இனி ஒற்றைப் படம். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் மூழ்கியதும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும் இங்குள்ள பெற்றோருக்கு நினைவிருக்கும். கனகராயன் ஆற்றில் திறந்துவிடப்படும் நீர் வடக்கே கண்டாவளைப் பக்கம் போய்ச் சுண்டிக்குளம் கடனீரேரியைச் சேர்கிறது. வழியில் உள்ள தாழ்நிலக் குடும்பங்களுக்கு அந்த நேரம் தேவைப்படுவது ஒரே ஒரு தகவல்தான்: கதவு திறந்தாயிற்று, நகருங்கள். அதற்கு இரண்டாம் பக்கம் வேண்டாம். மழையில் சமிக்ஞை பலவீனமாக இருக்கும், மின்சாரம் போயிருக்கும், கைத்தொலைபேசியில் சார்ஜ் குறைந்திருக்கும். அப்போது காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும். சிறிய படம் வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் ஒற்றைப் படத்துக்கும் தனி நோய் ஒன்று உண்டு. அது சாவதில்லை. திகதி இல்லாத எச்சரிக்கைப் படம் அடுத்த மாரியிலும் வலம் வரும். ஒருமுறை ஏமாந்தவர் உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டார். ஆகவே திகதி, நேரம் இரண்டும் படத்துக்குள்ளேயே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கீழே தனியாக எழுதும் வாசகம் கைமாறும்போது பிரிந்து போகலாம். எந்தெந்தக் கிராமம், எங்கே போவது, யார் அறிவித்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம், இவ்வளவும் போதும். படத்தை முத்திரை அளவுக்குச் சுருக்கி, கண்ணாடி போடாத மூத்தம்மா ஒருவரிடம் காட்டுங்கள். அவர் வாசித்தால் அனுப்பலாம். அதிகாரிகள் அறிவிக்காத எதையும் நாமாக எழுதி எச்சரிக்கை போல் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

காணொளிதான் இன்று எல்லோருக்கும் ஆசை. எங்கள் குழுவிலும் முதற் கேள்வி "ரீல்ஸ் போடுவமா?" என்பதே. அதற்கு நாங்கள் வைத்த சோதனை: காணொளியை ஓடவிட்டு, எங்காவது நிறுத்துங்கள். நின்ற படமே முழுச் செய்தியையும் சொல்லிவிட்டால் அதற்குக் காணொளி தேவையில்லை. இயந்திரம் வெளியே, குழாய் உள்ளே என்பதைப் படமாக்க ஒருவர் அரை நாள் செலவிட்டார். நிறுத்திப் பார்த்தால் ஒரு வரைபடமே அதைவிடத் தெளிவாகச் சொன்னது. அதை அழித்துவிட்டோம். பாவம், அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

இதற்கு நேர்மாறானது, வீதியைக் குறுக்கறுத்து ஓடும் வெள்ளம். அதைப் புகைப்படம் எடுத்தால் பழுப்பு நிறத் துணி விரித்தது போல அமைதியாக இருக்கும். "வேகமான நீரோட்டம்" என்று பக்கத்தில் எழுதினாலும் பாடசாலை முடிந்து வரும் பிள்ளைக்கு அது வெறும் சொல். முழங்கால் அளவுதானே என்று இறங்கிவிடுவாள். அதே நீரில் ஒரு வாழைத்தண்டைப் போட்டு, அது கண்ணிமைக்கும் நேரத்தில் வீதியைத் தாண்டிப் போவதைக் காட்டினால் ஆழம் கேட்க யாரும் நிற்கமாட்டார்கள். நிறுத்தினால் ஆபத்து மறைந்துவிடுகிறது, ஓடவிட்டால் தெரிகிறது. அப்படிப்பட்ட விடயமே காணொளிக்கு உரியது.

இதைப் பாதுகாப்பாகப் படமாக்குவதற்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்க, உயரமான காய்ந்த இடத்தில் கைத்தொலைபேசியை அசையாமல் நிறுத்த வேண்டும். படமெடுப்பதற்காக யாரும் நீரில் இறங்கக் கூடாது. தண்டு விழுவது முதல் இரண்டு வினாடிக்குள் வர வேண்டும். பாடசாலைச் சின்னத்தோடு தொடங்கினால் பார்ப்பவர் அதற்குள் அடுத்ததற்குப் போயிருப்பார். பதினைந்து வினாடி தாராளம். பலர் சத்தமில்லாமல் பார்ப்பதால் சொல்லும் வசனம் திரையிலும் எழுத்தாக வர வேண்டும். தொலைபேசி இலக்கத்தையோ கிராமப் பட்டியலையோ காணொளிக்குள் திணிக்காதீர்கள். அவை ஓடிப் போய்விடும். இன்னொன்று, இந்தக் காணொளியை வெள்ளம் வந்த பிறகு வெளியிட்டுப் பயனில்லை. ஒரு மாரியில் எடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த மாரி தொடங்குமுன், வீட்டில் மின்சாரமும் சமிக்ஞையும் நன்றாக இருக்கும் நாட்களில் விட வேண்டும்.

திருத்திய கிணற்றுப் பதிவை நாங்கள் வெளியிட்டு ஒரு கிழமைக்குள், அதே உறவினர் மறுபடி ஒரு பக்கத்தை மட்டும் உம்மாவுக்கு அனுப்பியிருந்தார். இம்முறை நான்காம் பக்கம். வெற்றிடத்தில் பேனையால் அவர் கிணற்றின் கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆரைக்குப் பதிலாகக் குறுக்களவைப் போட்டிருந்ததால் விடை நான்கு மடங்காகியிருந்தது. உம்மா தொலைபேசி எடுத்துத் திருத்தினார். நாங்கள் அந்தப் பக்கத்தில் கிணற்றின் படத்தை வரைந்து, நடுவிலிருந்து விளிம்புவரை ஓர் அம்புக்குறி போட்டோம்.