பேர்ல என்ன இருக்கு? ஆஃபரே இருக்கு!

குரோம்பேட்டை எம்.ஐ.டி. பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. ரிசல்ட் வந்த வாரத்துல போய்ப் பாருங்க. "அண்ணா, மார்க்‌ஷீட் எட்டு செமஸ்டர், ப்ரொவிஷனல், டென்த், ப்ளஸ் டூ... எல்லாம் ரெண்டு செட்!" என்று க்யூ ரோடு வரைக்கும் நிற்கும். ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ட்ரீட்டும் முடிஞ்சாச்சு. இனிமே என்ன, பெட்டியைக் கட்ட வேண்டியதுதானே?

அவசரப்படாதீங்க பாஸ். நடுவுல ஒரு ஸ்டேஷன் இருக்கு. அதுக்குப் பேரு 'பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்'. நீங்க ஃபார்ம்ல எழுதினதையும் சர்ட்டிபிகேட்ல அச்சாகி இருப்பதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒருத்தர் பார்க்கப் போறார். முதல்ல பார்ப்பது பெரும்பாலும் மனுஷன்கூட இல்லை. ஸ்கேன் பண்ணின காகிதத்துல இருந்து எழுத்தைப் படிக்கிற ஒரு சாஃப்ட்வேர். அது காகிதத்துல நாலே நாலு விஷயத்தைத் தேடும்: யார், யார் கொடுத்தது, எப்போ, எவ்வளவு. நாலுல ஒண்ணு ஒத்துப்போகலைன்னாலும் சிவப்புக் கொடி. ஃபைல் அப்போதான் மனுஷன் கைக்குப் போகும்.

இதுல வேடிக்கை என்னன்னா, தப்பே பண்ணாத பசங்களும் இந்தக் கொடியில மாட்டுவாங்க. எப்படின்னு பார்க்க ஒரு கற்பனைப் பையனை எடுத்துக்குவோம். பேரு கார்த்திகேயன், அப்பா பேரு சிவகுமார். 2019ல் இந்தப் பக்கம் ஓர் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. சேர்ந்தவர். இப்போ அவரோட ஃபைலைத் திறப்போம்.

யார்?

டிகிரியில் `KARTHIKEYAN S`. பாஸ்போர்ட்டில் `KARTHIKEYAN SIVAKUMAR`. கம்பெனி ஃபார்ம்ல 'லாஸ்ட் நேம்' கட்டாயம்னு இருந்ததால அப்பா பேரைப் போட்டுட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தமிழில் 'சி. கார்த்திகேயன்'. நமக்கு இந்த மூணும் ஒரே ஆள். மெஷினுக்கு மூணு பேர்!

நம்ம ஊர்ல குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். ஆனா ஃபார்ம் தயாரிக்கிறவங்க பல பேர் உலகத்துல எல்லாருக்கும் ரெண்டு பேர் இருக்கும்னு நினைச்சுத்தான் கட்டம் போடறாங்க. விவரமான சாஃப்ட்வேர் என்ன செய்யும்? முதல்ல புள்ளி, கமா எல்லாத்தையும் எடுத்துட்டு பேரைத் துண்டு துண்டாக்கும். வரிசையைக் கண்டுக்காது. ஒத்தை எழுத்து இருந்தா, எதிர்ப்பக்கம் அந்த எழுத்துல ஆரம்பிக்கிற முழுப்பேர் இருக்கான்னு பார்க்கும். S-க்கு SIVAKUMAR இருக்கு, ஓகே.

தமிழ்ச் சான்றிதழ்னா இன்னொரு சிக்கல். தமிழில் 'சி'ன்னு ஒரு எழுத்து. அது சிவகுமாராவும் இருக்கலாம், சின்னசாமியாவும் இருக்கலாம். முதல் ஆள் ஆங்கிலத்தில் S, ரெண்டாவது ஆள் C. எழுத்துக்கு எழுத்து மாத்தினா தப்பாகும். அப்பாவோட முழுப்பேர் ஃபார்ம்ல இருந்தாத்தான் தீரும்.

ஸ்பெல்லிங் வேற இருக்கு. KARTHIKEYAN, KARTIKEYAN ரெண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இத்தனை எழுத்துப் பேர்ல ஒண்ணு மாறினா பரவாயில்லைன்னு விடலாம். ஆனா RAMA, RAMU? அங்கேயும் ஒரே எழுத்துதான். ஆளே வேற! அதனால சின்னப் பேர்னா சலுகை கிடையாது. பேர் மட்டும் போதாதுன்னு பிறந்த தேதியையும் பதிவு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது இதுக்காகத்தான்.

பதிவு எண் சும்மா ஒரு நம்பர் இல்லை. இணைப்புக் கல்லூரி மாணவர்களோட 12 இலக்க எண்ணில் முதல் நாலு கல்லூரியைச் சொல்லும். அடுத்த ரெண்டு சேர்ந்த வருஷம், அடுத்த மூணு பாடப்பிரிவு, கடைசி மூணு உங்க வரிசை. நம்ம கார்த்தி 2019ல் சேர்ந்ததா எழுதி, எண்ணில் அஞ்சாவது ஆறாவது இலக்கம் 19 இல்லைன்னா வெரிஃபிகேஷன்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

யார் கொடுத்தது?

'டிகிரி வழங்கிய நிறுவனம்'னு கட்டம். பாதிப் பேர் இதுல கல்லூரிப் பேரை எழுதிடறாங்க. கல்லூரி பாடம் நடத்தும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்.

நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயின் ரூட்டையே பாருங்களேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிச்சா பட்டம் அண்ணா பல்கலைக்கழகம். அதே குரோம்பேட்டையில் எஸ்.டி.என்.பி. வைஷ்ணவ மகளிர் கல்லூரியில் படிச்சா சென்னைப் பல்கலைக்கழகம். அடுத்து தாம்பரம் எம்.சி.சி.: தேர்வை நடத்துவது தன்னாட்சிக் கல்லூரியே என்றாலும் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். இன்னும் தள்ளி வண்டலூர் கிரசன்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதுவே பட்டம் கொடுக்கும். தன்னாட்சிக் கல்லூரியில் மார்க்‌ஷீட்டின் தலையில் கல்லூரிப் பேரும் டிகிரியின் தலையில் பல்கலைக்கழகப் பேரும் இருக்கலாம். மெஷின் பெரிய எழுத்தைப் பார்த்து மார்க்‌ஷீட்டுக்கு ஒண்ணு, டிகிரிக்கு ஒண்ணுன்னு எடுத்துட்டு முழிக்கும்.

வருஷம் மாறினா பேரும் மாறும். அப்துல் கலாம் 1950களில் இதே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்ஸ் படிச்சார். அப்போ எம்.ஐ.டி. கொடுத்தது 'டி.எம்.ஐ.டி.' என்ற தன்னோட டிப்ளமோ. அண்ணா பல்கலைக்கழகம் பிறந்ததே 1978ல்தான். கலாம் சார் வயசுக்காரர் ஒருத்தர் ஃபார்ம்ல 'அண்ணா பல்கலைக்கழகம்'னு எழுதியிருந்தா அதுதான் சந்தேகம்! அந்தப் பல்கலைக்கழகமும் இடையில் சென்னை, கோவை, திருச்சின்னு ஊர்வாரியாகப் பிரிஞ்சு, 2012ல் மறுபடி ஒண்ணாச்சு. அந்தச் சமயத்துச் சான்றிதழ்களில் ஊர்ப் பேரும் சேர்ந்திருக்கும். அதனால நல்ல வெரிஃபிகேஷன் டீமிடம் வெறும் பல்கலைக்கழகப் பட்டியல் மட்டும் இருக்காது. எந்தப் பேர் எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் என்ற பட்டியல் இருக்கும்.

எப்போ?

ஒரு டிகிரிக்கு மூணு தேதி. கடைசிப் பரீட்சை எழுதின மாதம், ப்ரொவிஷனல் கையெழுத்தான நாள், பட்டமளிப்பு விழா நாள். மூணும் மாசக்கணக்குல தள்ளித் தள்ளி இருக்கும். ஃபார்ம் கேட்கிற 'பாஸ் ஆன மாதம், வருஷம்' என்பது முதல் ரகம், பரீட்சை மாதம்.

கார்த்தி கோட்டைவிட்டது இங்கேதான். '2019-23 பேட்ச்' என்பதால் 'மே 2023' என்று போட்டுட்டார். ஆனா ஒரு பேப்பர் அரியர். அதை எழுதி முடிச்சது 2023 நவம்பர்/டிசம்பர் பரீட்சையில். அப்போ பட்டத்துக்குத் தகுதியானது அந்த மாதம்தான். ஃபார்ம்ல 'அரியர் இருந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை'ன்னு வேற டிக். இப்போ இல்லைதான், ஆனா கேள்வி 'இருந்ததா?' என்பது! மறதியில எழுதினது பொய் மாதிரி தெரிய ஆரம்பிக்கிற இடம் இது.

எவ்வளவு?

காமெடி இங்கேதான். கார்த்தி படிச்ச 2017 விதிமுறைப்படி அண்ணா பல்கலைக்கழகத்தின் உச்ச கிரேடு `O`, அதாவது 10 பாயின்ட். ஸ்கேன் மங்கலா இருந்தா சாஃப்ட்வேர் அதை `0` என்று படிக்கும். கிளாஸ் டாப்பருக்கு முட்டை! `A+` பக்கத்துல இருக்கிற குட்டி பிளஸ் காணாமப் போனா 9 பாயின்ட் 8 ஆயிடும்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. திரும்பக் கணக்குப் போடுவது. ஒரு செமஸ்டரை எடுத்துக்குங்க: 4 கிரெடிட் பேப்பரில் O, இன்னொரு 4 கிரெடிட்டில் A+, 3 கிரெடிட்டில் A, 3 கிரெடிட்டில் B+, 2 கிரெடிட் லேபில் O. பாயின்ட்டையும் கிரெடிட்டையும் பெருக்கினா 40, 36, 24, 21, 20. மொத்தம் 141. அதை 16 கிரெடிட்டால் வகுத்தா 8.81. மார்க்‌ஷீட்டின் அடியிலும் 8.81ன்னு அச்சாகி இருந்தா படிச்சது சரி. O-வை சைபர்னு படிச்சிருந்தா மொத்தம் 81, ஜி.பி.ஏ. 5.06. A+-ல பிளஸ்ஸை விட்டிருந்தா 8.56. அச்சான நம்பரோடு இடிக்கும். உடனே மெஷின் 'நான் தப்பாப் படிச்சிருக்கேன், யாராவது கண்ணால பாருங்க'ன்னு ஃபைலை அனுப்பிடும். கிரேடைத் திருத்திட்டு கீழே இருக்கிற கூட்டலைத் திருத்த மறந்த போலிகளும் இதே கணக்குல மாட்டும்.

இன்னொரு வம்பு பர்சன்டேஜ். சி.ஜி.பி.ஏ. 8.62 வெச்சிருக்கிற ஒருத்தர் 10-ஆல் பெருக்கினா 86.2. சி.பி.எஸ்.இ. ஒரு காலத்துல பத்தாம் வகுப்புக்குச் சொன்ன 9.5-ஆல் பெருக்கினா 81.89. நாலு சதவீதத்துக்கு மேல காத்துல போகும். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் சொல்ற முறை எதுவோ அதுதான் செல்லும். அதே மாதிரி சி.ஜி.பி.ஏ. 8.5 தாண்டிட்டாலே 'டிஸ்டிங்ஷன்'னு எழுதிடாதீங்க. எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலேயே முடிச்சிருக்கணும். கார்த்திக்கு 8.62 இருந்தாலும் அந்த ஒரு அரியரால் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.

நாலும் ஒத்துப்போச்சு... அப்புறம்?

இப்போதான் முக்கியமான விஷயம். நாலும் ஒத்துப்போனா சர்ட்டிபிகேட் நிஜம்னு அர்த்தமா? இல்லவே இல்லை! ஃபார்மும் காகிதமும் ஒரே கதையைச் சொல்லுதுன்னு மட்டும்தான் அர்த்தம். போலி தயாரிக்கிறவன் ஃபார்முக்கு ஏத்த மாதிரிதானே அடிப்பான்? சொல்லப்போனா போலிக் காகிதம்தான் துளி பிசகாம ஒத்துப்போகும். நிஜமான ஆள் ஃபைல்லதான் இனிஷியல் இடிக்கும், தேதி இடிக்கும்.

2020 டிசம்பரில் சென்னையில் நடந்த மருத்துவக் கலந்தாய்வு ஞாபகம் இருக்கா? நீட்டில் 27 மார்க் எடுத்த ஒருவர் சார்பில் 610 மார்க் என்று சான்று நீட்டப்பட்டது. மாட்டினது எப்படி? அந்த மார்க் வேறொரு மாணவிக்கு உரியதுன்னு தேர்வு நடத்தினவங்களோட பட்டியல் சொல்லிடுச்சு. காகிதத்தை எவ்வளவு நேரம் முறைச்சாலும் கிடைக்காத பதில், கொடுத்தவங்களைக் கேட்டா கிடைக்கும்.

அதனாலதான் கடைசிப் படி எப்பவும் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். பதிவு எண்ணை அனுப்பி 'இந்த ஆள், இந்த வருஷம், இந்த கிரேடு, சரியா?'ன்னு கேட்பாங்க. 2017ல் தொடங்கின தேசிய கல்வி ஆவணக் களஞ்சியத்தில், இப்போ டிஜிலாக்கர் வழியா, பல்கலைக்கழகமே ஏத்தி வெச்ச பட்டம் இருந்தா வேலை இன்னும் சுலபம். கவனிங்க, நீங்களே ஸ்கேன் பண்ணி டிஜிலாக்கர்ல போட்டு வெச்ச படம் அந்தக் கணக்குல வராது.

கார்த்தி என்ன ஆனார்? ரெண்டு முடிவு எழுதலாம். கூப்பிட்டுக் கேட்டப்போ "சார், பேட்ச் வருஷத்தைப் போட்டுட்டேன், அரியரைச் சொல்லாம விட்டது என் தப்பு"ன்னு மார்க்‌ஷீட்டோட ஒரு மெயில் போட்டா, பல இடங்களில் திருத்திக்கிட்டு விட்டுடுவாங்க. "இல்லவே இல்லை சார்"னு சாதிச்சா, அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துல இருந்து வர்ற பதில் அவருக்காகப் பேசும். ஆஃபர் போறது பெரும்பாலும் அந்த ஒரே ஒரு அரியருக்காக இல்லை, மறைச்சதுக்காக.

சப்மிட் அமுக்கும் முன்

சர்ட்டிபிகேட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஃபார்மை நிரப்புங்க, ஞாபகத்துல இருந்து வேண்டாம். பேரை டிகிரியில் இருக்கிறபடியே எழுதிட்டு, இனிஷியலின் விரிவுக்கு அப்பா பேர் கட்டத்தைப் பயன்படுத்துங்க. பாஸ்போர்ட்டில் வேற மாதிரி இருந்தா அதை முதல்லயே ஒரு வரியில சொல்லிடுங்க. மாதம், வருஷத்தை ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எழுதுங்க.

அப்புறம், ஜெராக்ஸோட ஜெராக்ஸை ஸ்கேன் பண்ணாதீங்க, ஒரிஜினலையே பண்ணுங்க. கஷ்டப்பட்டு வாங்கின O, முட்டையாகிட வேண்டாம் பாருங்க!