அறுவடைக்கு முன்பே மஞ்சளை விற்பது

மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு. அதன்பிறகு வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு ஈரோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நடும்போது இருந்த விலை அப்போது இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. செலவெல்லாம் முதலிலேயே செய்தாகிவிட்டது, வரவு மட்டும் கடைசி நாள் ஏலத்தில் தொங்குகிறது. இந்த ஆட்டத்திலிருந்து ஓரளவு விலகி நிற்க விவசாயிக்கு உள்ள வழிகளில் ஒன்று முன்பேர வர்த்தகம்.

மஞ்சளுக்கான முன்பேர ஒப்பந்தங்கள் என்.சி.டி.இ.எக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் நடக்கின்றன. ஒரு லாட் என்பது 5 டன், அதாவது 50 குவிண்டால். விலை குவிண்டாலுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசப்படும். அந்த விலைக்கு அடிப்படை தெலங்கானாவின் நிஜாமாபாத் மார்க்கெட். ஈரோட்டுக்காரருக்கு இது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கோபிப் பக்கம் நாலு ஏக்கரில் மஞ்சள் போட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மஞ்சளாகப் பத்து டன் தேறும் என்பது அவர் கணக்கு. ஐப்பசியில் பயிர் இன்னும் பச்சையாக நிற்கும்போது, ஏப்ரல் மாத ஒப்பந்தம் 14,000 ரூபாயில் இருக்கிறது. ஈரோட்டு விலை வழக்கமாக நிஜாமாபாத்தைவிட 500 ரூபாய் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். (இந்த விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காகச் சொல்பவை.) அவர் தரகர் மூலம் ஒரு லாட் விற்கிறார். மஞ்சள் கைமாறுவதில்லை. ஒப்பந்த மதிப்பு 7 லட்சம். அதில் ஒரு பகுதியை மட்டும் மார்ஜின் என்று முன்பணமாகக் கட்டுகிறார்.

ஏப்ரல் தொடக்கத்தில் முன்பேர விலை 11,000-க்கு இறங்கிவிட்டது, ஈரோட்டில் 10,500. அவர் தன் 50 குவிண்டாலை வழக்கம்போல ஏலத்தில் விற்று 5,25,000 ரூபாய் வாங்குகிறார். அதே நாளில் ஒரு லாட் ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கி முன்பேரக் கணக்கை முடிக்கிறார். 14,000-க்கு விற்றதை 11,000-க்கு வாங்கியதால் குவிண்டாலுக்கு 3,000 வீதம் ஒன்றரை லட்சம் லாபம். மொத்தம் 6,75,000. குவிண்டாலுக்கு 13,500 கிடைத்தது போல.

விலை ஏறி முன்பேரம் 18,000, ஈரோடு 17,500 என்று ஆகியிருந்தால்? ஏலத்தில் 8,75,000 கிடைக்கும், முன்பேரத்தில் 2 லட்சம் போகும். மிச்சம் அதே 6,75,000. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 17,500-க்கு விற்றுவிட்டு வரும்போது இவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஐப்பசியில் இவர் கேட்டது நல்ல விலையை அல்ல, தெரிந்த விலையை. தரகுக் கட்டணம் தவிர்த்தால் கணக்கு இவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு கணக்கிலும் ஈரோட்டுக்கும் நிஜாமாபாத்துக்கும் இடையிலான 500 ரூபாய் வித்தியாசம் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் அது மாறும். ஏலத்தில் வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள் நிறம் பார்ப்பார். சரியாகக் காயாத சரக்கு, கிழங்கு அதிகம் கலந்த சரக்கு என்றால் விலையைக் குறைப்பார். ஒரே வாரத்தில் வரத்து குவிந்தாலும் உள்ளூர் விலை தனியாகச் சரியும். முன்பேர விலை 11,000-லேயே இருக்க, ஈரோட்டில் இவருக்கு 9,500தான் கிடைத்தது என்றால் மொத்தம் 6,25,000 ஆகிவிடும். அந்த 50,000 ரூபாய் இழப்பை முன்பேரம் ஈடுகட்டாது. அது காப்பது நாடு தழுவிய பெரிய ஏற்ற இறக்கத்தை மட்டும்தான். தன் சரக்கின் தரம், தன் மார்க்கெட்டின் நிலவரம் இரண்டும் விவசாயியின் தலையிலேயே நிற்கும். அதனால் ஒப்பந்தம் போடுவதற்கு முன் கடந்த சில வருடங்களின் ஈரோடு விலையையும் முன்பேர விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. வித்தியாசம் நிலையில்லாமல் ஆடினால் இந்த வழி அவருக்குச் சரிவராது.

பலரை வீழ்த்துவது வேறொன்று. முன்பேரத்தில் லாப நஷ்டம் அறுவடைக்குக் காத்திருக்காது, ஒவ்வொரு நாளும் தீர்க்கப்படும். விலை 100 ரூபாய் ஏறினால் ஒரு லாட்டுக்கு 5,000 ரூபாய் அன்றே கணக்கிலிருந்து போகும். 2023 கோடையில் 8,000 ரூபாய் அளவில் இருந்த மஞ்சள் முன்பேர விலை, ஆகஸ்டுக்குள் 15,000-ஐத் தாண்டியது. அப்படி ஒரு ஏற்றத்துக்கு முன் ஒரு லாட் விற்று வைத்தவர் சில மாதங்களில் மூன்றரை லட்சம் ரொக்கம் கட்டியிருக்க வேண்டும். அவர் மஞ்சளின் மதிப்பும் அதே அளவு ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மஞ்சள் மண்ணுக்குள்ளோ குடோனிலோ கிடக்கிறது, தரகர் கேட்பதோ பணம். கட்ட முடியாவிட்டால் தரகர் ஒப்பந்தத்தை அப்போதைய விலைக்கே முடித்துவிடுவார். அதன்பின் விலை சரிந்தால் முன்பேரத்திலும் நஷ்டம், ஏலத்திலும் நஷ்டம். கையில் ரொக்கமோ வங்கிக் கடன் வசதியோ இல்லாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பத்து டன் எதிர்பார்க்கிற நம் விவசாயி ஒரே ஒரு லாட் விற்றதற்கும் காரணம் உண்டு. கிழங்கு அழுகல் வந்து பாதிப் பயிர் போனாலும் அவரிடம் ஐந்து டன் இருக்கும். பத்து டன்னுக்கும் சேர்த்து இரண்டு லாட் விற்றிருந்தால், நோய் பரவி ஊரெல்லாம் விளைச்சல் குறைந்து விலை ஏறுகிற வருடத்தில் விற்கச் சரக்கு இல்லாமல் முன்பேர நஷ்டத்தை மட்டும் சுமக்க நேரும்.

இதே தவறு கோடிக்கணக்கில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதை 2020-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அனுபவித்தது. விமான நிறுவனம் விவசாயிக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்பது. எரிபொருள் விலை ஏறிவிடுமே என்று பயந்து முன்கூட்டியே வாங்கும் விலையைப் பூட்டிக்கொள்ளும். விமான எரிபொருளுக்கென்று தாராளமாக வியாபாரம் நடக்கும் முன்பேரச் சந்தை இல்லாததால், பல நிறுவனங்கள் பிரெண்ட் கச்சா எண்ணெய் போன்ற நெருங்கிய சரக்கை வைத்தே ஒப்பந்தம் போடுகின்றன. ஈரோடு, நிஜாமாபாத் வித்தியாசம் அங்கேயும் உண்டு. கொரோனா வந்ததும் மார்ச் 2020-ல் அந்த நிறுவனம் தன் பறப்புத் திறனில் 96 சதவீதத்தை நிறுத்தியது. பூட்டி வைத்த எரிபொருளை எரிக்க விமானங்கள் பறக்கவில்லை. எண்ணெய் விலையோ அதலபாதாளத்தில். விமானங்கள் பறந்திருந்தால் ஒப்பந்த நஷ்டத்தைச் சந்தையின் மலிவு எண்ணெய் ஈடுகட்டியிருக்கும். பறக்காததால், தேவைக்கு மேல் போன ஒப்பந்தங்கள் வெறும் நஷ்டமாக நின்றன. அந்த வகையில் மட்டும் சுமார் 71 கோடி சிங்கப்பூர் டாலர் இழப்பு. அந்த நிதியாண்டை நிறுவனம் தன் வரலாற்றில் முதல் வருடாந்திர நஷ்டத்தோடு முடித்தது.

நம் விவசாயிக்கு இன்னும் இரண்டு நடைமுறை விஷயங்கள். ஒப்பந்தம் அந்தந்த மாதம் 20-ஆம் தேதி வாக்கில் முடியும். அதுவரை திரும்ப வாங்காமல் விட்டால், சந்தை சொல்லும் தரத்தில் சரக்கை அங்கீகரித்த குடோனில் ஒப்படைக்க வேண்டிவரும். ஆகவே கடைசி வாரம் வரை இழுக்காமல், ஏலத்தில் விற்கும் அன்றே கணக்கை முடிப்பது உத்தமம். அடுத்தது, ஒரு ஏக்கர்காரருக்கு 5 டன் லாட் எட்டாது. அவர் சேரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பலருடைய சரக்கைத் தொகுத்து ஒப்பந்தம் போட்டால் மட்டுமே வழி. அப்போதும் தினசரி மார்ஜினை யார் கட்டுவது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதி வைக்க வேண்டும்.

நெல் விவசாயி இதைக் கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. உணவுப் பொருள் விலையேற்றத்தை ஒட்டி, டிசம்பர் 2021-ல் செபி நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, பாமாயில், பாசிப்பயறு ஆகியவற்றின் முன்பேர வர்த்தகத்தை நிறுத்தி வைத்தது. தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. மஞ்சள் அந்தப் பட்டியலில் சேரவில்லை.