பதினெட்டு எப்போது இருபதை நெருங்கும்?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உரிமம் பெற்ற வட்டிக்கடையில் ஈடு வைக்காமல் கடன் வாங்கினால், ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது. ஈடு வைத்தால் 12. மலேசியாவின் 1951ஆம் ஆண்டு வட்டிக்கடன் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு அது. அதே சட்டம் வட்டிக்கு வட்டி போடுவதையும் தடுக்கிறது. இந்தத் தடையால் கடன்காரருக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5,000 ரிங்கிட் கடன். ஓராண்டுவரை எதுவும் கட்டவில்லை. தனிவட்டி என்றால் 900 ரிங்கிட், அவ்வளவுதான். மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்த்தால் கதை வேறு. 18ஐ 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1.5. முதல் மாத வட்டி 75 ரிங்கிட். இரண்டாம் மாத வட்டி 5,075க்குக் கணக்கிடப்படுவதால் 76 ரிங்கிட் 13 சென். இப்படியே 12 மாதம் பெருக்கினால்:

(1 + 0.18/12)^12 − 1 = 0.1956

ஆக, தாளில் எழுதிய 18 பெயரளவு வட்டி. உண்மையில் ஆண்டுக்கு ஏறியது 19.56. இதைத்தான் பயனுறு வட்டி என்கிறோம். கடன் 5,978 ரிங்கிட் 9 சென் ஆகிறது. தடையின் மதிப்பு ஏறத்தாழ 78 ரிங்கிட்.

மாதத்துக்குப் பதில் நாளுக்கு ஒருமுறை, நொடிக்கு ஒருமுறை சேர்த்தால் கடன் எல்லையின்றி ஊதிப்போகுமா? போகாது. 1683இல் யாக்கோபு பெர்னூலி இதே கேள்வியைக் கேட்டு, தொகை ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும் என்று கண்டார். அந்த எல்லைக்குப் பின்னால் நிற்கும் எண் e, அதாவது 2.71828. இடைவிடாது சேரும் வட்டிக்குச் சூத்திரம் இன்னும் சுருக்கம்:

e^0.18 − 1 = 0.1972

கடன் 5,986 ரிங்கிட் 9 சென். மாதாந்தரக் கணக்கைவிட 8 ரிங்கிட்தான் கூடுதல். நாள்தோறும் சேர்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் 27 சென்! 18 விழுக்காட்டில் அடிக்கடி சேர்ப்பது பெரிய பூதமல்ல.

வட்டி ஏறினால் பூதமாகிவிடும். மாதாந்தரத்துக்கும் இடைவிடாத கணக்குக்கும் உள்ள இடைவெளி, வட்டியின் வர்க்கத்தைவிடவும் வேகமாக விரியும். விளக்குக் கம்பங்களில் தொலைபேசி எண் ஒட்டிவைக்கும் ஆலோங் மாதம் பத்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120 என்றுதான் மனம் கணக்குப் போடும். மாதாமாதம் சேர்த்தால் 213.8 விழுக்காடு, இடைவிடாமல் சேர்த்தால் 232. அதே 5,000 ரிங்கிட், முதல் கணக்கிலேயே 15,692 ரிங்கிட் ஆகிவிடும்.

ஒன்று கவனிக்க: இந்தத் தொகைகள் ஆண்டு முழுதும் எதுவும் கட்டாதவருக்கே பொருந்தும். தவணை கட்டுபவருக்கு அசல் மாதாமாதம் குறைவதால் கணக்கு வேறு. கையெழுத்துப் போடுமுன் இரண்டைக் கேளுங்கள்: சொன்ன வட்டி மாதத்துக்கா ஆண்டுக்கா? கட்டாத வட்டி அசலில் சேருமா? சேரும் என்று உரிமம் பெற்ற கடைக்காரர் சொன்னால், அது சட்டமீறல்.