பங்கிட்ட பின் மிஞ்சும் பைசா

ஒரு பில்லின் மொத்தத்துக்கும் சேர்த்துத் தரப்படும் தள்ளுபடியையோ லாரி வாடகையையோ ஒவ்வொரு பொருளின் வரிக்கும் பிரித்து எழுதியாக வேண்டிய நிலை அடிக்கடி வரும். இந்தியாவில் இதற்குப் பெரும்பாலும் ஜிஎஸ்டிதான் காரணம். பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்த பிறகே வரி கணக்கிடப்படுகிறது. பொருளுக்குப் பொருள் வரி விகிதம் மாறும்போது, எந்தப் பொருளின் மதிப்பில் எவ்வளவு கழிகிறது என்பது தெரிந்தால்தான் வரி சரியாக வரும். இப்படிப் பிரித்த தொகைகளைத் திரும்பக் கூட்டினால் ஒரு பைசா கூடவோ குறையவோ வந்து நிற்பது வழக்கம்.

நான்கு பொருள்கள் உள்ள ஒரு பில்லை எடுத்துக்கொள்ளலாம். விலை முறையே 1,500, 1,000, 500, 500 ரூபாய், மொத்தம் 3,500. இதற்கு 100 ரூபாய் தள்ளுபடி. விலையின் விகிதப்படி பங்கிட்டால் முதல் பொருளுக்கு 42.857..., இரண்டாவதற்கு 28.571..., மற்ற இரண்டுக்கும் தலா 14.285... ரூபாய் வருகிறது. ஒவ்வொன்றையும் அருகிலுள்ள பைசாவுக்கு முழுமையாக்கினால் 42.86, 28.57, 14.29, 14.29. கூட்டினால் 100.01. எந்தப் பங்கிலும் கணக்குப் பிழை இல்லை. நான்கையும் தனித்தனியாக முழுமையாக்கியதே அந்த ஒரு பைசாவைக் கொண்டுவந்தது.

பலரும் இந்த வித்தியாசத்தைக் கடைசி வரியில் சேர்த்துவிடுகிறார்கள். நான்கு வரி பில்லில் அது கண்ணில் படாது. வரிகள் பெருகும்போது விபரீதமாகிவிடும். 1 ரூபாயை 150 சம வரிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் பைசாவுக்குச் சற்றுக் குறைவாக வரும். முழுமையாக்கினால் 1 பைசா. முதல் 149 வரிகளிலேயே 149 பைசா போய்விடுவதால், கடைசி வரியில் கழித்தல் 49 பைசா என்று எழுத நேரும். கடைசி வரி இலவசப் பொருளாக இருந்தால், விலையே இல்லாத பொருளுக்குத் தள்ளுபடி கொடுத்ததாகிவிடும்.

நம்பத்தகுந்த வழி, மிச்சம் பெரிதாக உள்ள வரிக்கு முதலில் கொடுப்பது. எல்லாத் தொகைகளையும் பைசாவில் முழு எண்களாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பங்கிலும் பின்னத்தை வெட்டிவிட வேண்டும். மேலே கண்ட பில்லில் 4285, 2857, 1428, 1428 பைசா கிடைக்கும், கூட்டினால் 9998. இன்னும் 2 பைசா மிச்சம். வெட்டிய பின்னங்கள் முறையே 0.714, 0.143, 0.571, 0.571. முதல் பைசா முதல் பொருளுக்குப் போகிறது. அடுத்த பைசாவுக்கு மூன்றாவதும் நான்காவதும் சமமாகப் போட்டியிடுகின்றன. இங்கே விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பில்லில் முன்னால் வரும் வரிக்கே முன்னுரிமை என்பது போதுமான விதி. அது இல்லாவிட்டால் அதே பில்லை மறுபடி கணக்கிடும்போது பைசா இடம் மாறி, தணிக்கையில் இரண்டு பிரதிகள் ஒத்துப்போகாது. முடிவு 42.86, 28.57, 14.29, 14.28, கூட்டினால் சரியாக 100. எந்த வரியும் தன் உண்மையான பங்கிலிருந்து ஒரு முழு பைசா அளவுக்கு விலகுவதில்லை. விலையில்லாப் பொருளுக்குப் பின்னமே இல்லாததால் எதுவும் சேராது.

அமெரிக்க மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்க அலெக்சாண்டர் ஹாமில்டன் முன்வைத்த முறையும் இதுவே. அதன் குறை 1880 கணக்கெடுப்புக்குப் பின் வெளிப்பட்டது. மொத்த இடங்களை 299-லிருந்து 300 ஆக்கினால், அலபாமாவின் 8 இடங்கள் 7 ஆகக் குறையும் என்று கணக்கு காட்டியது. பில்லிலும் தள்ளுபடியை ஒரு பைசா கூட்டும்போது ஏதோ ஒரு வரியின் பங்கு ஒரு பைசா குறைய வாய்ப்புண்டு. இடப் பங்கீட்டில் அது பெரிய அநீதி. ஒருமுறை பிரித்து எழுதி முடிக்கும் பில்லில் பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

சிக்கல் உண்மையில் எழுவது பொருள் திரும்பி வரும்போதுதான். நான்காவது பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதன் பங்கைப் புதிதாகக் கணக்கிட்டு 14.29 என்று எழுதக் கூடாது. பில்லில் பதிந்த 14.28-ஐத்தான் எடுக்க வேண்டும். ஒரே வரியில் உள்ள மூன்று உருப்படிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தால், அதுவரை சேர்ந்த மொத்தத்தை முழுமையாக்கி, முன்பு கொடுத்ததைக் கழிப்பது நல்லது. 14.29 ரூபாய் அப்படி 4.76, 4.77, 4.76 என்று பிரிந்து, மூன்றாவது உருப்படியோடு முழுதும் தீர்ந்துவிடும்.

பில்லின் அடியில் மொத்தத்தை முழு ரூபாயாக்க எழுதும் ‘ரவுண்ட் ஆஃப்’ வரி இதிலிருந்து வேறானது. அது செலுத்தவேண்டிய தொகையையே மாற்றுகிறது. பங்கீட்டில் விட்டுப்போன பைசாவை அந்த வரியில் தள்ளினால் பில் கூட்டலில் சரியாகத் தெரியும். தள்ளுபடிப் பங்குகளைத் தனியே கூட்டிப் பார்க்கும்போது அந்தப் பைசா மறுபடி வெளியே வந்துவிடும்.