ஒரே தேர்வுக்கு இரண்டு விண்ணப்பம்: எது செல்லும்?

இணையவழித் தேர்வு விண்ணப்பங்களில் ஒருவர் பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் பதிவாவது பெரும்பாலும் கட்டணம் கட்டும் இடத்தில்தான் நடக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடும். திரையோ சுழன்றுகொண்டே நின்றுவிடும். விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்று நினைக்கும் தேர்வர், வேறொரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து முதலிலிருந்து நிரப்புகிறார். கடவுச்சொல்லை மறந்து புதுக் கணக்குத் தொடங்குவதும், தேர்வு மையத்தைத் தவறாகத் தேர்ந்துவிட்டு அதைத் திருத்த இன்னொரு விண்ணப்பம் போடுவதும் மற்றக் காரணங்கள். பிரவுசிங் சென்டரில் ஒரு முறையும் வீட்டில் ஒரு முறையும் விண்ணப்பிப்பவர்களும் உண்டு.

இப்படி இரண்டு பதிவானால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாத் தேர்வுகளுக்கும் பொதுவான விதி கிடையாது. தேர்வை நடத்தும் அமைப்பின் அறிவிக்கையில் உள்ளதே விதி. இந்தியாவின் பெரிய தேர்வுகளை எடுத்துக்கொண்டால் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒன்று, கடைசி விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு முந்தையவற்றை ஒதுக்குவது. மற்றது, எல்லாவற்றையும் தள்ளுபடி செய்வது.

வங்கிப் பணியாளர் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் முதல் வகை. கடைசியாக முழுமை பெற்ற விண்ணப்பம் மட்டும் நிற்கும். மற்றவற்றுக்குக் கட்டிய பணம் திரும்பாது. மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி-யின் அறிவிக்கைகள் இதற்கு நேர்மாறானவை. ஒருவருடைய ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் கண்டறியப்பட்டால் எல்லாமே தள்ளுபடியாகும் என்று அவை சொல்கின்றன. ரயில்வே தேர்வு வாரியங்களில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே அறிவிக்கைக்கு இரண்டு வாரியங்களில் விண்ணப்பித்தால் இரண்டும் போகும். ஜேஇஇ முதன்மைத் தேர்வில் ஒருவருக்கு இரண்டு விண்ணப்ப எண்கள் இருப்பதையே முறைகேடாகக் கருதுகிறார்கள்.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி நெடுங்காலம் கடைப்பிடித்த விதி முதல் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆர்ஐடி எனப்படும் பதிவு எண் ஒன்று கிடைக்கும். எண்கள் வரிசையாக ஏறுவதால் பின்னால் போட்ட விண்ணப்பத்தின் எண் பெரியதாக இருக்கும். பல விண்ணப்பங்கள் இருந்தால் பெரிய எண் கொண்டதையே ஆணையம் எடுத்துக்கொள்ளும். ஒரு எண்ணுக்குக் கட்டிய கட்டணம் இன்னொரு எண்ணுக்கு மாற்றப்படாது. பார்வைக்கு எளிமையான இந்த விதியில் தேர்வர்கள் சறுக்கும் இடம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்கு ஒருவர் சென்னையை மையமாகத் தேர்ந்து, 100 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறார். மறுநாள் மதுரையே வசதி என்று தோன்ற, இரண்டாவது விண்ணப்பத்தை நிரப்புகிறார். நேற்றே பணம் கட்டியாயிற்று என்ற எண்ணத்தில் இப்போது கட்டணத்தைச் செலுத்தியதாகக் குறிப்பிட்டு அனுப்புகிறார். ஆணையத்தின் பார்வையில் செல்லத்தக்கது மதுரை விண்ணப்பம். அதற்குப் பணம் வரவில்லை. எனவே அது தள்ளுபடி. பணம் கட்டிய சென்னை விண்ணப்பம் சிறிய எண் கொண்டது. அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. குறையில்லாத ஒரு விண்ணப்பம் கையில் இருந்தும் அவருக்கு நுழைவுச்சீட்டு வராது. இரண்டாவது விண்ணப்பத்துக்கும் தனியாக 100 ரூபாய் கட்டி, புகைப்படம், கையொப்பம், மையம் எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்திருந்தால் மதுரையில் தேர்வு எழுதியிருப்பார்; முதல் 100 ரூபாய் மட்டும் நட்டம்.

பின்வாங்குவதிலும் இதே சிக்கல் இருந்தது. 2019 தேர்வுகள் தொடங்கிச் சில ஆண்டுகள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் வசதியை ஆணையம் அளித்தது. இரண்டு விண்ணப்பம் போட்டவர் பெரிய எண் கொண்டதை மட்டுமே திரும்பப் பெற முடியும். முந்தையவை தாமாகவே ஒதுக்கப்பட்டுவிடும். இரண்டாவதை விலக்கிவிட்டு முதலாவதை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவருக்கு இரண்டும் இல்லாமல் போகும்.

இரட்டை விண்ணப்பங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கடைசித் தேதி முடிந்ததும் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் போன்றவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது அடிப்படை வழி. இதற்கு இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. இரட்டைப் பிறவிகளுக்குப் பெற்றோரும் பிறந்த தேதியும் ஒன்றே என்பதால் இருவரை ஒருவராக எண்ண இடமுண்டு. மறுபுறம், பெயரை எழுதும் விதம் மாறினால் ஒருவரே இருவராகத் தெரிவார். தமிழ்நாட்டில் முதலெழுத்தை ஒரு விண்ணப்பத்தில் பெயருக்கு முன்னும் மற்றொன்றில் பின்னும் போடுவது சாதாரணம். 2024-இல் ஒரு தேர்வரின் தேர்வுரிமையை ரத்து செய்தபோது, அவர் தம் பெயரோடு பெற்றோர் பெயரையும் மாற்றியதால்தான் எத்தனை முறை எழுதினார் என்பதைக் கண்டறிய முடியவில்லை என்று யுபிஎஸ்சி விளக்கியது. புகைப்பட ஒப்பீடு, ஆதார் சரிபார்ப்பு, கைரேகைப் பதிவு ஆகியவை இந்த ஓட்டையை அடைக்க வந்தவை.

ஒருமுறைப் பதிவு முறையும் இதே நோக்கம் கொண்டது. டிஎன்பிஎஸ்சி-யில் 150 ரூபாய் கட்டிச் செய்யும் இந்தப் பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒருவருக்கு ஒரு பதிவுதான். அதைக் கொண்டே ஒவ்வொரு தேர்வுக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பதிவு செய்தது விண்ணப்பித்ததாகாது. கடவுச்சொல் மறந்தால் அதை மீட்பதே வழி. புதுப் பதிவு தொடங்குவது சிக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

விண்ணப்பம் இரண்டாவது வேறு, தேர்வை இரண்டு முறை எழுதுவது வேறு. கணினிவழித் தேர்வுகள் பல நாள்களில், பல வேளைகளில் நடக்கின்றன. இரண்டு நுழைவுச்சீட்டுடன் இரண்டு வேளை எழுதுபவருக்கு மற்றவருக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. அதனால் கடைசி விண்ணப்பத்தை ஏற்கும் ஐபிபிஎஸ்கூட, இரண்டு முறை எழுதியவரின் தேர்வுரிமையை ரத்து செய்கிறது. எஸ்எஸ்சி-யில் அடுத்த தேர்வுகளுக்கும் தடை விழும். தவறுதலாக இரண்டு நுழைவுச்சீட்டு வந்துவிட்டால் இரண்டையும் பயன்படுத்தாமல், உடனே தேர்வு அமைப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பணம் பிடிக்கப்பட்டும் விண்ணப்பம் முடியாமல் நின்றால், உடனே புது விண்ணப்பம் போடாமல் அதே கணக்கில் மீண்டும் நுழைந்து கட்டண நிலையைப் பார்ப்பதே முதல் வேலை. யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்திய பணம் போய்ச் சேர்ந்த உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எனவே அதே விண்ணப்பத்துக்கு மறுபடி கட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. மையத்தையோ பிறந்த தேதியையோ மாற்ற வேண்டுமென்றால், திருத்தத்துக்கெனச் சில நாள்கள் திறக்கப்படும் வசதி இருக்கிறதா என்று அறிவிக்கையில் பார்க்க வேண்டும். இரண்டாவது விண்ணப்பம் ஏற்கெனவே போயிருந்தால், கடைசியை ஏற்கும் அமைப்பில் அதை எல்லா வகையிலும் முழுமையாக்கி, தனிக் கட்டணம் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் தள்ளும் அமைப்பென்றால், கடைசித் தேதிக்கு முன்பே இரண்டு எண்களையும் குறிப்பிட்டு விளக்கம் அனுப்புவதொன்றே மிஞ்சும் வழி. அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த அமைப்பின் முடிவு.