பாஸ்வேர்டு டிவிக்கு, தட்டுவது போனில்

டிவி திரையில் விரியும் கீபோர்டில் a எழுத்திலிருந்து l எழுத்துக்குப் போக, ரிமோட்டின் வலது அம்பை எட்டு முறை அழுத்த வேண்டும். அதற்கு மேல் ஓகே ஒரு முறை. பெரிய எழுத்து என்றால் ஷிஃப்ட் இருக்கும் மூலைவரை போய் வர வேண்டும். @ குறிக்கோ வேறு பக்கமே திறக்கும். பத்து எழுத்து பாஸ்வேர்டை இப்படித் தட்டி முடித்தபின் ‘தவறு’ என்று வந்தால், புள்ளிகளாக மறைந்துபோனதில் எந்த எழுத்து பிசகியது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்கள் இந்த அவஸ்தையைப் போனுக்கு மாற்றிவிடலாம். போனில் ‘கூகுள் டிவி’ ஆப்பைத் திறந்தால் ரிமோட் பட்டன் இருக்கும். அதைத் தொட்டதும் வீட்டிலுள்ள டிவியின் பெயர் வரும். பெயரைத் தேர்ந்தெடுத்தால் டிவி திரையில் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடு தோன்றும். அதைப் போனில் தட்டினால் இணைப்பு முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தவறுதலாக நம் டிவியை இயக்கிவிடாமல் காப்பது இந்தக் குறியீடுதான்.

இனி டிவியில் தேடல் கட்டத்துக்குப் போய், போனில் கீபோர்டு படத்தைத் தொட்டால் போதும். திறப்பது போனின் வழக்கமான கீபோர்டு. தட்டத் தட்ட எழுத்துகள் டிவியில் விழும். போனில் சேமித்துவைத்த நீளமான பாஸ்வேர்டை நகலெடுத்து அப்படியே ஒட்டவும் செய்யலாம்.

டிவியின் பெயர் பட்டியலில் வரவில்லையா? முதலில் வைஃபையைப் பாருங்கள். போன் மொபைல் டேட்டாவில் இருக்கலாம். அல்லது டிவி வீட்டு வைஃபையிலும், போன் விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையிலும் இருக்கலாம். கெஸ்ட் இணைப்பில் உள்ள கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்காதபடி ரவுட்டர் பெரும்பாலும் தடுத்துவிடும். இரண்டிலும் இன்டர்நெட் ஓடும், ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது. பலர் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றிப் பொழுதைப் போக்குவது இங்கேதான். போனை வீட்டு வைஃபைக்கு மாற்றினாலே பெரும்பாலும் பெயர் வந்துவிடும்.

யூடியூப் கணக்கில் நுழைய டிவியில் பாஸ்வேர்டே தேவையில்லை. டிவி ஒரு குறியீட்டைக் காட்டும். போன் பிரவுசரில் youtube.com/activate என்று நேரடியாகத் தட்டி, அங்கே அதைக் கொடுக்க வேண்டும். தேடிப் பிடித்துப் போகக் கூடாது. இதே பெயரில் போலிப் பக்கங்கள் வைத்துப் பணம் கேட்கும் கும்பல்கள் இருக்கின்றன. குறியீட்டைப் பதிவதற்கு யூடியூப் கட்டணம் வாங்குவதில்லை.

ரவுட்டரையோ வைஃபை பாஸ்வேர்டையோ மாற்றும் நாளில் மட்டும் போன் கைவிடக்கூடும். டிவி வைஃபையை இழந்துவிட்டதால் போன் அதை எட்ட முடியாது. சில டிவிகளில் புளூடூத் கைகொடுக்கும். இல்லாவிட்டால், அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் பழைய ரிமோட்டில்தான் தட்டியாக வேண்டும். அதில் உயிருள்ள பேட்டரி இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.